இலை குறையும்போது: சமையல் காண்ட்ராக்டருக்கு எழுதும் செய்தி

கல்யாணச் சமையலில் விலை பேசப்படுவது ஆள் கணக்கில் அல்ல, இலைக் கணக்கில். எத்தனை பேருக்குப் பத்திரிகை வைத்தார்கள் என்பது காண்ட்ராக்டருக்குத் தேவையில்லை. எந்த வேளைக்கு எத்தனை இலை விழும் என்பதே அவருடைய கேள்வி. முதல் நாள் மாலை வரவேற்பு விருந்து, மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இலைக் கணக்கும் தனித்தனி ரேட்டும் உண்டு. பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு விருந்தினர் எண்ணிக்கை குறைந்தால் புதிய கொட்டேஷன் கேட்டுக் காண்ட்ராக்டருக்கு ஒரு செய்தி எழுத வேண்டியிருக்கிறது. இதை எழுதுபவர் பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ சித்தப்பாவோ, வீட்டில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒருவராக இருப்பார்.

எண்ணிக்கை குறையப் பல காரணங்கள் உண்டு. நெருங்கிய உறவில் ஒரு துக்கம் நேர்ந்து ஒரு பங்காளி வகையறாவே வராமல் போகலாம். வெளியூர்ச் சொந்தங்களுக்கு ரயில் டிக்கெட் கிடைக்காமல் போகலாம். இப்போது அதிகம் காணப்படும் காரணம் வேறு: மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரில் தனியாக ஒரு வரவேற்பு வைத்துக்கொள்வதாகக் கடைசி மாதத்தில் முடிவெடுப்பது. அப்போது அவர்கள் பக்கத்து அலுவலக நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் முதல் நாள் மாலை வரமாட்டார்கள். நெருங்கிய உறவினர் மட்டும் முகூர்த்தத்துக்கு வருவார்கள். குறைவு மூன்று வேளைக்கும் ஒரே அளவில் விழாது என்பது இதிலிருந்தே தெரியும். “இருநூறு பேர் குறைவு” என்று மொத்தமாகச் சொல்வதால் காண்ட்ராக்டருக்கு ஒரு பயனும் இல்லை.

திருச்சியில் நடக்கும் ஒரு கல்யாணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலில் பேசிய கணக்கு இது: மாலை விருந்து 400 இலை, இலைக்கு 320 ரூபாய், காலை டிபன் 250 இலை, இலைக்கு 160, முகூர்த்தச் சாப்பாடு 600 இலை, இலைக்கு 300. மூன்றும் சேர்ந்து 3,48,000 ரூபாய். இதில் ஒரு லட்சம் அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று. பிறகு மாப்பிள்ளை வீட்டார் தனி வரவேற்பு என்றதும் மாலை 250 இலை, காலை 200, மதியம் 420 என்று கணக்கு இறங்குகிறது. ரேட்டுகள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இந்தத் தொகைகளை ஒரு மாதிரியாக மட்டும் கொள்ள வேண்டும். கணக்கு போகிற வழி எங்கும் ஒன்றுதான்.

பழைய ரேட்டையே புதிய இலைகளால் பெருக்கினால் 80,000, 32,000, 1,26,000 என்று வந்து, மொத்தம் 2,38,000 ஆகிறது. குடும்பத்தார் மனத்தில் போடும் கணக்கு இதுவே. காண்ட்ராக்டரிடமிருந்து இதைவிடக் கூடுதலான தொகை வரும்போது, “ஆள் குறைந்ததைச் சாக்காக வைத்து ஏற்றிவிட்டார்” என்ற மனத்தாங்கல் உண்டாகிறது. இலை குறைந்தால் மொத்தத் தொகை குறையும். இலைக்கு ஆகும் ரேட் மட்டும் சற்று ஏறும். இதில் சூது ஏதும் இல்லை. ஏன் ஏறுகிறது என்பதை அறிந்தவர் எழுதும் செய்தியே காண்ட்ராக்டரிடமிருந்து நேரான பதிலை வாங்கித் தரும்.

ஓர் இலைக்கு 300 ரூபாய் என்றால் அதற்குள் இரண்டு வகைச் செலவு அடங்கியிருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், தயிர், வாழையிலை, தண்ணீர் பாட்டில் ஆகியவை ஆளுக்கு ஏற்பக் கூடும், குறையும். தலைமைச் சமையல்காரர், சாதம் வடிப்பவர், இனிப்பு மாஸ்டர், காய் நறுக்குவோர், பரிமாறுவோர், இலை எடுப்போர், பாத்திரம் கழுவுவோர், வாடகைப் பாத்திரம், வண்டி ஆகியவை அப்படி அல்ல. அறுநூறு பேருக்குச் சாம்பார் வைக்கவும் ஒரு மாஸ்டர் வேண்டும், நானூறு பேருக்கும் ஒரு மாஸ்டர் வேண்டும். அண்டா சற்றுச் சின்னதாகும், அவ்வளவே. காண்ட்ராக்டரின் லாபத்தையும் சேர்த்துத்தான் ரேட் போடப்படுகிறது என்றாலும், எளிமைக்காக அதை இந்த இரண்டிலுமே கலந்துவிடலாம்.

மேற்சொன்ன முகூர்த்தச் சாப்பாட்டில் இலைக்கு 210 ரூபாய் பொருளுக்கும், 90 ரூபாய் ஆளுக்கும் வண்டிக்கும் பாத்திரத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 இலைக்கு அந்த இரண்டாவது வகை மட்டும் 54,000 ரூபாய். இலை 420 ஆனதும் பொருள் செலவு 88,200 ஆக இறங்கிவிடும். ஆனால் 54,000 அப்படியே நின்றால் மொத்தம் 1,42,200 ரூபாய், அதாவது இலைக்கு ஏறத்தாழ 339 ரூபாய் ஆகும். நல்ல காண்ட்ராக்டர் அங்கே நிற்கமாட்டார். பரிமாறுவோரில் மூவர், பாத்திரம் கழுவுவோரில் இருவர், சமையலறை எடுபிடிகள் இருவர் என ஏழு பேரைக் குறைத்தால், ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் 7,000 மிச்சம். வண்டி ஒரு நடை குறைவதில் இன்னும் 2,900 மிச்சம். இரண்டாவது வகைச் செலவு 44,100 ஆகிறது. பொருளையும் சேர்த்தால் 1,32,300. இலைக்கு 315 ரூபாய்.

பரிமாறுவோரில் மூவரைக் குறைப்பது காண்ட்ராக்டர் கையில் மட்டும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பரிமாற எத்தனை பேர் வேண்டும் என்பதை மொத்த விருந்தினர் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒரே சமயத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் பந்திக்கு 150 பேர் என்றால், பதினைந்து இலைக்கு ஒருவர் வீதம் பத்துப் பேர் வேண்டும். அறுநூறு பேருக்கு அது நான்கு பந்தி. ஆள் 420 ஆனபின்னும் 150 நாற்காலியையும் நிரப்பினால் மூன்று பந்தியில் விருந்து முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் இருந்தே ஆக வேண்டும். வேலை ஒரு பந்தி நேரம் முன்னதாக முடியுமே தவிர, அவர்களுடைய ஒரு நாள் கூலி குறையாது. அதற்குப் பதிலாக, கூடத்தில் இரண்டு வரிசையை எடுத்துவிட்டுப் பந்திக்கு 110 பேர் என்று வைத்தால் பழையபடி நான்கு பந்தி நடக்கும். ஏழெட்டுப் பேர் பரிமாறினால் போதும். கூடம் பாதி காலியாக இருப்பது போன்ற தோற்றமும் வராது. 150 நாற்காலியும் அப்படியே இருந்தால் மூன்று பேர் கூலி மீண்டும் சேர்ந்து, இலைக்கு 322 ரூபாய் ஆகிவிடும். வரிசையைக் குறைக்கச் சம்மதம் என்பதைச் செய்தியில் குடும்பத்தாரே எழுதிவிட்டால், காண்ட்ராக்டர் அந்த ஏழு ரூபாயைக் கேட்காமலே குறைக்க வழி கிடைக்கும். ஒரு பந்தி முடிய முக்கால் மணி நேரம்வரை ஆகும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் தாமதமாக உள்ள நாளில் நான்கு பந்தி நடத்தினால் கடைசிப் பந்தி பசியோடு காத்திருக்கும்.

செய்தியை எப்போது அனுப்புவது என்பதும் தொகையைப் பாதிக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு பொதுவாக எதுவும் வாங்கப்பட்டிருக்காது. அப்போது சொல்வதால் காண்ட்ராக்டருக்குப் பெரிய இழப்பு இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு பரிமாறும் ஆட்களையும் உதவியாளர்களையும் பேசி முடித்திருப்பார். பெரிய முகூர்த்த நாள்களில் ஆள் கிடைப்பது அரிது என்பதால் அவர்களுக்கும் முன்பணம் போயிருக்கும். மூன்று நான்கு நாளுக்கு முன்பு மளிகை வந்து இறங்கிவிடும். முறுக்கு, அதிரசம், லட்டு போன்ற பட்சணங்கள் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போடப்படுகின்றன. காய்கறியும் பாலும் இலையும்தான் கடைசி நேரம்வரை கூட்டிக் குறைக்கக்கூடியவை. முந்தின நாள் சந்தையிலிருந்து காய் ஏறும்வரை காண்ட்ராக்டர் அதை மாற்றிக்கொள்ள முடியும். ஆகவே இரண்டு வாரத்துக்கு முன் சொன்னால் ஆள் கூலியும் பொருளும் இரண்டும் குறையும், ஒரு வாரத்தில் சொன்னால் பொருள் மட்டும் குறையும், முந்தின நாள் சொன்னால் காயும் பாலும் மட்டுமே குறையும். எண்ணிக்கை இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லக் காத்திருப்பதே இங்கே பெரிய செலவு. “400-லிருந்து ஏறத்தாழ 250 ஆகும் போலிருக்கிறது, உறுதியான எண்ணிக்கையை இன்ன தேதியில் சொல்கிறோம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

பெரும்பாலான வீடுகளிலிருந்து போகும் செய்தி இப்படி இருக்கிறது:

“அண்ணா, கல்யாணத்துக்கு ஆள் கொஞ்சம் கொறஞ்சிருச்சு. பாத்து ரேட் போட்டுக் குடுங்க.”

இதற்கு வரும் பதிலும் ஏறத்தாழ நிச்சயம்: “சரி தம்பி, பாத்துக்கலாம்.” இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் எந்த வேளை, எத்தனை இலை, என்ன ரேட் என்ற மூன்றில் ஒன்றுகூட இதில் இல்லை. ‘பாத்துக்கலாம்’ என்பதைக் குடும்பத்தார் “குறைத்துத் தருவார்” என்று எடுத்துக்கொள்வார்கள். காண்ட்ராக்டரோ “அன்றைக்கு விழும் இலையை எண்ணிப் பழைய ரேட்டில் வாங்கிக்கொள்ளலாம், குறைந்தபட்ச இலைக்கு மட்டும் பணம் வந்தால் சரி” என்று நினைத்திருப்பார். இந்த முரண்பாடு கல்யாணம் முடிந்த மதியம், மீதிப் பணம் கொடுக்கும்போதுதான் வெளியே வரும். பெண்ணை அனுப்பிவைக்கும் நேரத்தில் அது வேண்டாத வேதனை.

முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதுவதே மரியாதையான முறை. குறைவு என்ற தகவல் காண்ட்ராக்டருக்கு வருமானக் குறைவு. அதை எடுத்த எடுப்பில் வாட்ஸ்அப்பில் படிக்க நேர்வது நன்றாக இராது. பேசியபின் அதே நாளில் எழுத்தாக அனுப்பும் செய்தி இப்படி அமையலாம்:

“வணக்கம் அண்ணா. செப்டம்பர் 3 மாலை, 4 காலை நம்ம தில்லை நகர் கல்யாணம் விஷயமா எழுதுறேன். போன்ல சொன்ன மாதிரி மாப்பிள்ளை வீட்டுல அவங்க ஊர்ல தனியா ரிசப்ஷன் வெச்சுக்கிறாங்க. அதனால இலை குறையுது.

3ஆம் தேதி மாலை விருந்து: 400 பேசினோம், இப்ப 250.
4ஆம் தேதி காலை டிபன்: 250 பேசினோம், இப்ப 200.
4ஆம் தேதி முகூர்த்தச் சாப்பாடு: 600 பேசினோம், இப்ப 420.

மெனுவுல மாற்றம் இல்ல. மதியம் பந்திக்கு 150 வேண்டாம், 110 போட்டாப் போதும், மண்டபத்துலயும் சொல்லிடறோம். இலை குறைஞ்சா ரேட் கொஞ்சம் ஏறும்னு புரியுது. ஒவ்வொரு வேளைக்கும் புது ரேட் தனித்தனியா எழுதி அனுப்புங்க. மினிமம் எத்தனை இலை, அதுக்கு மேல வந்தா எத்தனை இலை வரைக்கும் தாங்கும், அதுக்கு என்ன ரேட்னும் சொல்லுங்க. ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியான்னும் போட்டுடுங்க. ஏற்கெனவே எதுக்காவது முன்பணம் குடுத்திருந்தா தயங்காம சொல்லுங்கண்ணா. அட்வான்ஸ் ஒரு லட்சம் கழிச்சு மீதி எவ்வளவுன்னு தெரிஞ்சா ஏற்பாடு பண்ண வசதியா இருக்கும்.

22ஆம் தேதிக்குள்ள அனுப்பினா வீட்டுல பேசி உறுதி பண்ணிடறோம். கடைசி எண்ணிக்கை 31ஆம் தேதி சொல்றோம். நன்றி அண்ணா.”

இது ஆகஸ்ட் 18 அன்று, கல்யாணத்துக்குப் பதினாறு நாள் முன்னதாகப் போகிறது. தேதியும் இடமும் முதல் வரியிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. முகூர்த்த மாதத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் பத்துப் பன்னிரண்டு கல்யாணம் இருக்கும். ‘நம்ம கல்யாணம்’ என்றால் அவருக்கு எது என்று தெரியாது. பழைய எண்ணிக்கையையும் புதியதையும் ஒரே வரியில் தருவதால் அவர் தன் குறிப்பேட்டைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. பழைய கணக்கில் ஏதாவது வேறுபாடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். “நீங்க அப்ப 380தானே சொன்னீங்க?” என்று ஒருவர் கேட்டால், அதைப் பதினாறு நாள் முன்னதாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

‘மெனுவில் மாற்றம் இல்லை’ என்ற வரி மிகவும் தேவை. அது இல்லாவிட்டால், ரேட்டை ஏற்றிக் கேட்கத் தயங்கும் காண்ட்ராக்டர் பழைய ரேட்டையே எழுதிவிட்டு உள்ளே சிலவற்றைக் குறைப்பார். இரண்டு இனிப்பு ஒன்றாகும், தலைவாழை இலை ஏட்டு இலையாகும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கால் லிட்டராகும். இதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. கேட்ட விலைக்கு ஏற்ப அவர் சரிக்கட்டுகிறார். ஆனால் குடும்பத்தாருக்கு அது பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

‘ரேட் கொஞ்சம் ஏறும்னு புரியுது’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதைச் சிலர் பேரத்தில் தோற்பதாக நினைப்பார்கள். நடைமுறையில் அது காண்ட்ராக்டரை உண்மையான கணக்கைக் காட்டச் செய்கிறது. கூடுதலை மறைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போகிறது. முன்பணத்தைப் பற்றிய வரியும் அப்படித்தான். பால்காரருக்கோ ஐஸ்கிரீம்காரருக்கோ அவர் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், அதைத் தனித் தொகையாக ஏற்றுக்கொள்வது இலை ரேட்டில் கலந்து மறைவதைவிடத் தெளிவானது.

இரண்டு நாளில் காண்ட்ராக்டர் பதில் அனுப்புகிறார்: மாலை 345 வீதம் 86,250, காலை 165 வீதம் 33,000, மதியம் 315 வீதம் 1,32,300. மொத்தம் 2,51,550. குடும்பத்தார் மனத்தில் போட்ட 2,38,000-த்தைவிட இது 13,550 அதிகம், முதலில் பேசியதைவிட 96,450 குறைவு.

இதைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, மூன்று வேளையும் ஒரே அளவில் ஏறவில்லை என்பது. காலை டிபன் ஐந்து ரூபாய்தான் ஏறியிருக்கிறது. இலைக் குறைவு அங்கே ஐந்தில் ஒரு பங்கே என்பதால் அது நியாயம். மாலை விருந்து 25 ரூபாய் ஏறியிருக்கிறது. இலைக் குறைவு அங்கேதான் அதிகம். அதோடு மாலை விருந்தில் சுடச்சுடத் தோசை வார்க்கும் கவுண்ட்டரும் ஐஸ்கிரீம் ஸ்டாலும் இருக்கின்றன. தோசைக்கல் முன் நிற்கும் இரண்டு பேர் 400 பேருக்கும் இரண்டு பேர்தான், 250 பேருக்கும் இரண்டு பேர்தான். ஐஸ்கிரீம், பீடா, பழ ஸ்டால் போன்றவற்றைக் காண்ட்ராக்டர் பெரும்பாலும் வேறொருவரிடமே கொடுப்பார். அவர்களுக்கும் இத்தனைக்குக் குறைந்து வரமாட்டோம் என்ற சொந்தக் கணக்கு உண்டு. ஆகவே இங்கே பேரம் பேசுவதற்கு ரேட்டைக் குறைக்கச் சொல்வதைவிட நல்ல வழி இருக்கிறது. ஐஸ்கிரீம் ஸ்டாலை எடுத்துவிட்டு இலையிலேயே ஒரு பாயசம் வைத்தால் ரேட் என்ன ஆகும் என்று கேட்பது அது. 250 பேர் கூடும் மாலையில் இரண்டு ஸ்டால் இருந்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து மண்டபம் சோபையிழக்கும் என்பதால், ஒன்றை விடுவது பார்வைக்கும் நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வரி. கல்யாணக் கேட்டரிங்குக்குப் பொதுவாக 5% ஜி.எஸ்.டி. உண்டு. 2,51,550-க்கு அது 12,577 ரூபாய் 50 காசு. முதல் கொட்டேஷன் வரி சேர்த்ததாகவும் புதியது வரி சேர்க்காததாகவும் இருந்தால், ஒப்பிடும்போது குறைவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒரே நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வரி தனி என்றால் செலுத்த வேண்டிய மொத்தம் 2,64,127 ரூபாய் 50 காசு, அட்வான்ஸ் போக மீதி 1,64,127 ரூபாய் 50 காசு.

மினிமம் இலை பற்றிய பதிலே பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கிறது. மதியம் 420 என்று எழுதியபின் 380 பேர் மட்டுமே வந்தாலும் 420-க்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பதே பொது வழக்கம். சமைத்தாகிவிட்டதல்லவா. எனவே செய்தியில் எழுதும் எண்ணிக்கை, எல்லோரும் வந்தால் ஆகும் உச்சமாக இல்லாமல், எப்படியும் விழும் என்று நம்பத்தக்க இலையாக இருப்பது நல்லது. கூடுதலுக்கு வழி வேறு. காண்ட்ராக்டர்கள் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் பத்தில் ஒரு பங்குவரை தாங்கும்படி சமைப்பது உண்டு. 420 என்றால் 460 வரை தாங்கும், அந்தக் கூடுதல் இலைக்கும் அதே 315 ரூபாய்தான் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டால் போதும். 460-ஐயே மினிமமாகச் சொல்லிவிட்டு 400 பேர் வந்தால், அறுபது இலைக்கு வீணாக 18,900 ரூபாய் போகும். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் தாங்குமா என்பதைக் கேட்காமல் விட்டால் நேர்வது அதைவிடக் கொடுமை. கடைசிப் பந்தியில் பொரியல் தீர்ந்து, சாம்பாரில் தண்ணீர் சேர்ந்து, வந்தவர்கள் முகம் சுளிக்க நேரும்.

யாரெல்லாம் இலைக் கணக்கில் வருகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். நாதஸ்வரக் குழு, புகைப்படக்காரர்கள், அலங்காரம் செய்வோர், வேன் ஓட்டுநர்கள், மண்டபப் பணியாளர்கள் சாப்பிடும் இலைகள் குடும்பத்தின் கணக்கிலேயே விழும். சிறிய கல்யாணத்திலும் இது முப்பது இலைக்குக் குறையாது. விருந்தினரை மட்டும் எண்ணி 420 சொன்னவருக்கு இது அன்றைக்குத்தான் தெரியவரும். சமையல் ஆட்கள் சாப்பிடுவது கணக்கில் சேராது என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம் என்றாலும், ஒரு வரியில் உறுதிசெய்துகொள்வதில் தவறில்லை.

பதில் திருப்தியாக இருந்தால், அதை ஒரு கட்டை விரல் படத்தோடு முடித்துவிடக் கூடாது. மூன்று வேளையின் இலை, ரேட், மொத்தம் ஆகியவற்றை மீண்டும் எழுதி, “இதுவே உறுதி அண்ணா, பழைய கொட்டேஷனுக்குப் பதில் இதை வெச்சுக்கலாம்” என்று அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும். குரல் பதிவாக வந்த ரேட்டையும் இப்படி எழுத்தில் திருப்பி அனுப்பினால்தான் பின்னர் தேடி எடுக்க முடியும். கல்யாணப் பரபரப்பில் நாற்பது குரல் பதிவைக் கேட்டு ஒரு ரேட்டைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் இராது.

இரண்டு நிலைமைகளில் இந்த மாதிரிச் செய்தி அப்படியே பொருந்தாது. ஒன்று, கூலி காண்ட்ராக்ட். அதில் மாஸ்டர் சமைக்க மட்டும் வருவார். மளிகையும் காயும் குடும்பமே வாங்கித் தரும். அங்கே ஆள் குறைந்தால் மாஸ்டரின் கூலி பெரிதாகக் குறையாது, ஏனெனில் குழு அதேதான். கேட்க வேண்டியது புதிய ரேட்டை அல்ல, புதிய சாமான் லிஸ்ட்டை. பழைய லிஸ்ட்டிலேயே வாங்கிவிட்டு மீந்த பருப்பையும் எண்ணெயையும் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எண்ணெயில் ஓரளவு நடக்கும், பிரித்த மூட்டையில் நடக்காது. இன்னொன்று, எண்ணிக்கை நூறுக்கும் கீழே போய்விடுவது. அந்த அளவில் இலை ரேட்டுக்குப் பொருளில்லை. ஆளும் வண்டியுமே செலவில் பெரும்பகுதியாகிவிடும். அப்போது மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகையாகக் கேட்பதுதான் ஒத்துவரும். சில காண்ட்ராக்டர்கள் அங்கே சமைக்க வருவதைவிடத் தங்கள் சமையற்கூடத்திலேயே சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவதாகச் சொல்வார்கள். விலை குறைவதால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மண்டபத்தில் அப்பளம் பொரிக்கவும் ரசம் சூடாக்கவும் ஓர் அடுப்பாவது எரிய வேண்டும் என்று சொல்லி வைப்பது அவசியம்.

31ஆம் தேதி இறுதி எண்ணிக்கைச் செய்தி போகிறது. இது சிறியது: மாலை 250, காலை 200, மதியம் 430, ரேட் முன்பு பேசியபடி. மதியம் பத்து இலை கூடியிருப்பது 460-க்குள் அடங்குவதால் புதிய பேச்சு தேவையில்லை. கல்யாணத்தன்று இலையை எண்ணக் குடும்பத்தில் ஒருவரை அமர்த்துவது வழக்கம். ஒவ்வொரு பந்தியிலும் இலை போட்டதும் அல்ல, ஆள் உட்கார்ந்தபின் எண்ணி, காண்ட்ராக்டரின் ஆளோடு அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆள் உட்காராத இலை சுருட்டி அடுத்த பந்திக்குப் போகிறது என்பதால், போட்ட இலையை எண்ணினால் அது இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். நான்கு பந்தியின் தாளையும் கூட்டினால் வரும் எண், உறுதிசெய்த மினிமமான 430-க்குக் கீழே இருந்தால் 430-க்கும், மேலே இருந்தால் விழுந்த இலைக்கும் 315 வீதம் கணக்குப் பார்த்து, வரியைச் சேர்த்து, அட்வான்ஸைக் கழித்து மீதியைக் கொடுக்கிறார்கள்.